அனுமதியின்றி வெளியான புகைப்படத்தை நீக்கக் கோரிப் பக்க நிர்வாகிக்குக் கடிதம் எழுதும் முறை

ஒரு நிறுவனமோ சங்கமோ தனிமனிதரோ நடத்தும் முகநூல் பக்கத்தில் அல்லது இன்ஸ்டாகிராம் பக்கத்தில் உங்கள் புகைப்படம் உங்களைக் கேட்காமல் வெளியாகியிருந்தால், அதை மிக விரைவாக நீக்கக்கூடியவர் அந்தப் பக்கத்தின் நிர்வாகிதான். தளத்தை நடத்தும் நிறுவனத்திடம் புகார் செய்யும் வழியும் இருக்கிறது. ஆனால் அங்கே உங்கள் புகாரைத் தங்கள் விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். அந்த முடிவு உங்களுக்குச் சாதகமாக அமையாமலும் போகலாம். நிர்வாகி எந்த விதியையும் புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை. எந்தப் படம், அதில் யார் நீங்கள், என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்து, செய்ய மனமும் இருந்தால், இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அந்தத் தெளிவைத் தரும் கடிதத்தை எப்படி எழுதுவது என்பதையே இந்தக் கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது.

தொடங்கும் முன் ஒரு விலக்கைச் சொல்லிவிட வேண்டும். வெளியானது அந்தரங்கப் படமாக இருந்தாலோ, அதைக் காட்டி யாராவது பணமோ வேறு எதையாவதோ கேட்டு மிரட்டினாலோ, நிர்வாகிக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டாம். தளத்தின் புகார் வசதியையும் காவல்துறையையும் நேரடியாக அணுகுங்கள். 18 வயது நிறைந்தவர்கள் StopNCII.org என்ற சேவையையும், படம் எடுக்கப்பட்டபோது 18 வயது நிறையாதவர்கள் takeitdown.ncmec.org என்ற சேவையையும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். இவை இரண்டிலும் உங்கள் படம் உங்கள் கருவியை விட்டு வெளியே போவதில்லை. படத்திலிருந்து கணக்கிடப்படும் ஓர் அடையாள எண் மட்டுமே இத்திட்டத்தில் இணைந்துள்ள தளங்களுக்குப் போகிறது. அதைக் கொண்டு அவை அதே படத்தைத் தேடிப் பிடிக்கின்றன. கீழே வருபவை இவ்வகையில் சேராத சாதாரணப் புகைப்படங்களுக்கானவை.

விளக்கத்துக்காக ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். ஒரு பெண் உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில் சேர்கிறார். சேர்ந்த நாளிலும் சில மாதங்கள் கழித்தும், முன்னேற்றத்தைக் குறித்துவைப்பதற்காக என்று சொல்லிப் பயிற்சியாளர் அவரைப் படம் எடுக்கிறார். பிறகு ஒருநாள் அந்த இரு படங்களும் அருகருகே ஒட்டப்பட்டு, அவருடைய முதற்பெயரும் குறைந்த எடையும் மேலே எழுதப்பட்டு, அந்தக் கூடத்தின் முகநூல் பக்கத்தில் வெளியாகின்றன. தோழி ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் அவருக்கே விஷயம் தெரிகிறது. படம் எடுக்க அவர் சம்மதித்தது உண்மை. வெளியிட அவர் சம்மதிக்கவில்லை. இந்த வேறுபாடுதான் அவர் எழுதப்போகும் கடிதத்தின் உயிர்நாடி.

முதல் வேலை: எதையும் தொடாமல் பதிந்துவையுங்கள்

படத்தைக் கண்டதும் எழும் பதற்றத்தில் பலரும் உடனே மூன்று காரியங்களைச் செய்துவிடுகிறார்கள். தம் பெயரில் உள்ள டேக்கை நீக்குகிறார்கள். கமெண்டில் கோபமாக எழுதுகிறார்கள். அந்தப் பக்கத்தை பிளாக் செய்கிறார்கள். மூன்றும் உங்களுக்கே பாதகமானவை. டேக்கை நீக்கினால் படம் அங்கேயேதான் இருக்கும், அதற்குத் திரும்பிப் போகும் வழிதான் உங்கள் கையை விட்டுப் போகும். கமெண்ட் எழுதினால் அந்தப் பதிவு இன்னும் பலர் கண்ணில் படும்; படத்தில் இருப்பது நீங்கள்தான் என்பதும் உங்கள் பெயரோடு உறுதியாகிவிடும். ஆதரவுக்காக நண்பர்களைத் திரட்டிக் கமெண்ட் எழுதச் சொல்வதும் இதே விளைவைத் தரும். பிளாக் செய்தாலோ, படம் நீக்கப்பட்டதா இல்லையா என்பதைப் பிறகு உங்களால் பார்க்கவே முடியாது.

ஆகவே முதலில் சான்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் பெயர், பதிவான நாள், படம், அதனுடன் எழுதப்பட்ட வரிகள் ஆகிய அனைத்தும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கணினியில் எடுத்தால் முகவரிப் பட்டையும் சேர்ந்து தெரியட்டும். அடுத்து, பதிவின் நேரடி இணைப்பை நகலெடுங்கள். முகநூலில் பக்கத்தின் பெயருக்குக் கீழே உள்ள நாள் அல்லது நேரத்தின் மேல் அழுத்தினால் அந்தப் பதிவு மட்டும் தனியாகத் திறக்கும். அப்போது முகவரிப் பட்டையில் இருப்பதுதான் உங்களுக்குத் தேவையான இணைப்பு. இன்ஸ்டாகிராமில் பதிவின் மேலுள்ள மூன்று புள்ளிகளையோ, பதிவின் கீழுள்ள பகிரும் குறியையோ அழுத்தினால் இணைப்பை நகலெடுக்கும் வசதி வரும். பக்கத்தின் முகப்பு இணைப்பை மட்டும் அனுப்பி, அதில் தேடிக்கொள்ளுங்கள் என்பதுபோல் விட்டுவிடுவதைப் பல கடிதங்களில் காண்கிறோம். நாளுக்குப் பத்துப் பதிவு போடும் பக்கத்தில் நிர்வாகி அதைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்.

பிறகு அதே படம் வேறெங்கும் இருக்கிறதா என்று பாருங்கள். இதற்குக் கால் மணி நேரம் செலவிடுவது வீணல்ல. பதிவில் வந்த படம் அந்தப் பக்கத்தின் புகைப்படப் பகுதியிலும், ஏதேனும் ஓர் ஆல்பத்திலும் தனி இணைப்போடு இருக்கலாம். அதே நிறுவனத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்திலும் அது போயிருக்கலாம். 24 மணி நேரத்தில் மறைந்துவிட வேண்டிய ஸ்டோரி, ஹைலைட்ஸ் என்ற வரிசையில் சேர்க்கப்பட்டு நிலையாகத் தங்கியிருக்கலாம். நம் எடுத்துக்காட்டில் வருவதுபோல் வணிக நோக்கமுள்ள பக்கமாக இருந்தால், கட்டணம் செலுத்திய விளம்பரமாகவும் அந்தப் படம் ஓடிக்கொண்டிருக்கலாம். அத்தகைய விளம்பரம் பக்கத்தின் முகப்பில் தென்படாமலேயே மற்றவர்களின் திரையில் வந்துகொண்டிருக்கும். இதை அறிய facebook.com/ads/library என்ற முகவரிக்குச் சென்று, நாட்டைத் தேர்ந்து, பக்கத்தின் பெயரைக் கொடுத்துத் தேடினால், அந்தப் பக்கம் தற்போது நடத்தும் விளம்பரங்கள் யாருக்கும் தெரியும். நம் பெண் தேடிப் பார்த்தபோது முகநூல் பதிவு ஒன்று, ஆல்பத்தில் அதே படம், இன்ஸ்டாகிராம் பதிவு ஒன்று என மூன்று இடங்கள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம்.

கடிதம் யார் கைக்குப் போகிறது என்பதை நினைவில் வையுங்கள்

நிர்வாகி என்றதும் படத்தை வெளியிட முடிவெடுத்தவரே நம் மனக்கண்ணில் வருகிறார். நடைமுறை பெரும்பாலும் அப்படி இல்லை. நிறுவனப் பக்கங்களைப் பல இடங்களில் ஓர் இளைய ஊழியரோ, சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட வெளி நிறுவனமோ கவனித்துக்கொள்கிறது. செய்தியை முதலில் திறப்பவர் உங்களைப் பார்த்தே இருக்க மாட்டார். நீக்கும் முன் உரிமையாளரிடம் கேட்க வேண்டியவராகவும் இருப்பார். எனவே உங்கள் கடிதம் அப்படியே இன்னொருவருக்கு அனுப்பப்படும் என்று எண்ணியே எழுத வேண்டும். முன்கதை எதுவும் தெரியாதவரும் அதைப் படித்து முழுதாகப் புரிந்துகொள்ள வேண்டும். அதே காரணத்தால், பலர் கண்ணில் படக்கூடாத எதுவும் அதில் இருக்கவும் கூடாது.

இந்த இடத்தில் நம் பள்ளிக்கூடப் பழக்கம் ஒன்று தொல்லை தரும். அனுப்புநர் என்று எழுதி அதன் கீழ் வீட்டு முகவரியை முழுமையாகக் கொடுப்பதுதான் கடிதம் என்று நாம் கற்றிருக்கிறோம். இந்தக் கடிதத்தில் அது வேண்டாம். அந்தரங்கம் காக்க எழுதும் கடிதத்தில் முகவரி, பிறந்த தேதி, பணியிடம், தொலைபேசி எண் எதுவும் இடம்பெறத் தேவையில்லை. பெயரும், பதில் அனுப்ப ஒரு மின்னஞ்சல் முகவரியும் போதும். பொருள் என்ற வரியை மட்டும் தவறாமல் வையுங்கள். இன்பாக்ஸில் நூறு செய்திகளுக்கு நடுவே உங்கள் செய்தி எதைப் பற்றியது என்று அந்த ஒரு வரிதான் சொல்லும்.

அதேபோல், படம் ஏன் உங்களுக்கு வேண்டாம் என்பதை விளக்கும் கடமையும் உங்களுக்கு இல்லை. சிலர் குடும்பத்தாரின் எதிர்ப்பு, பழைய உறவில் வந்த தொல்லை, உடல்நிலை என்று உள்ளத்தில் இருப்பதையெல்லாம் எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் படத்தைவிட நுண்ணிய தகவல் ஒன்றை முன்பின் தெரியாதவர் கையில் கொடுத்ததாகிவிடும். காரணம் போதுமானதா என்று அவர் எடைபோடவும் இடம் கொடுத்ததாகிவிடும். சம்மதம் தரவில்லை என்பதே முழுமையான காரணம்.

கடிதத்தை எழுதுதல்

கோபத்தில் எழுதும் முதல் வரைவு வழக்கமாக இப்படித்தான் இருக்கும்: “என் போட்டோவைப் போட உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? உடனே எடுங்கள். இல்லாவிட்டால் போலீசுக்குப் போவேன்.” இதை எழுதியவரின் வேதனையில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் படிக்கும் ஊழியருக்கு எந்தப் படம் என்று தெரியாது, அதில் யார் எழுதியவர் என்று தெரியாது, உடனே என்றால் எப்போது என்றும் தெரியாது. அவருக்குத் தெளிவாகக் கேட்பது மிரட்டல் மட்டுமே. அவர் பயந்து மேலாளரிடம் கொடுப்பார், மேலாளர் வழக்கறிஞரைக் கேட்க வேண்டும் என்பார், அதற்குள் படம் இன்னும் பலரைச் சென்றடைந்திருக்கும். எந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும் என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. உறுதியாகத் தெரியாத சட்டப் பிரிவைக் குறிப்பிட்டால் எதிர்த்தரப்பு அந்த ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டு வாதாடத் தொடங்கும். ஆகவே முதல் கடிதத்தில் சட்டமும் காவல்துறையும் வேண்டாம். தேவைப்பட்டால் அவற்றுக்கு இரண்டாம் கடிதத்தில் இடம் இருக்கிறது.

நம் பெண் மார்ச் 6 அன்று அனுப்பும் கடிதம் இவ்வாறு அமையலாம்.

பொருள்: என் புகைப்படத்தை நீக்கக் கோருதல்

பக்க நிர்வாகி அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் உடற்பயிற்சிக் கூடத்தின் முகநூல் பக்கத்தில் மார்ச் 3 அன்று வெளியான பதிவில் என் புகைப்படங்கள் இரண்டு ஒன்றாக இணைக்கப்பட்டு வெளியிடப்பட்டுள்ளன. இரு படங்களிலும் எடை பார்க்கும் கருவிக்கு அருகில் நீல நிற மேற்சட்டையுடன் நிற்பவர் நான். படத்தின் மேல் என் முதற்பெயரும் உடல் எடை விவரமும் எழுதப்பட்டுள்ளன. அப்படம் இப்போது கீழ்க்கண்ட மூன்று இடங்களில் உள்ளது.

முகநூல் பதிவு: (இணைப்பு)
முகநூல் ஆல்பத்தில் அதே படம்: (இணைப்பு)
இன்ஸ்டாகிராம் பதிவு: (இணைப்பு)

இப்படங்கள் என் பயிற்சி முன்னேற்றத்தைக் குறித்துவைப்பதற்காகத் தங்கள் பயிற்சியாளரால் எடுக்கப்பட்டவை. அந்த நோக்கத்துக்காக எடுக்க நான் சம்மதித்தேன். அவற்றைப் பொதுவில் வெளியிடவோ விளம்பரத்துக்குப் பயன்படுத்தவோ நான் சம்மதம் அளிக்கவில்லை. அதுபற்றி என்னிடம் கேட்கப்படவும் இல்லை.

ஆகவே மார்ச் 9 மாலை 6 மணிக்குள் இந்த மூன்று இடங்களிலிருந்தும் படத்தையும், அதனுடன் உள்ள என் பெயர், எடை விவரங்களையும் முழுமையாக நீக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பதிவை மறைத்து வைப்பதோ காப்பகத்துக்கு மாற்றுவதோ போதாது. நீக்கிய பின் குப்பைத்தொட்டியில் தங்குமானால் அங்கிருந்தும் நீக்க வேண்டுகிறேன். இப்படம் விளம்பரமாகவும் பயன்படுத்தப்பட்டு வந்தால் அதையும் நிறுத்த வேண்டும். இனி என் படத்தை என் எழுத்துப்பூர்வமான சம்மதமின்றி எங்கும் வெளியிட வேண்டாம்.

இதில் முடிவெடுக்கும் பொறுப்பு வேறொருவருடையது எனில், இக்கடிதத்தை அவருக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறேன். நீக்கிய பின் ஒரு வரியில் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
(பெயர்)
(மின்னஞ்சல் முகவரி)

இக்கடிதத்தில் சில இடங்களைக் கவனியுங்கள். படத்தில் தம்மை உடையையும் நிற்கும் இடத்தையும் கொண்டு அடையாளம் காட்டுகிறார். குழுப் படமாக இருந்தால் இது இன்னும் முக்கியம். இரண்டாம் வரிசையில் இடமிருந்து மூன்றாவது என்பதுபோல் எழுத வேண்டும். படத்தையே மறுபடி இணைத்து அனுப்பவில்லை. இணைப்பு போதும்போது இன்னொரு பிரதியை உருவாக்க வேண்டியதில்லை. உடனடியாக என்ற சொல்லுக்குப் பதிலாக நாளும் மணியும் இருக்கின்றன. மூன்று நாள் என்பது உரிமையாளரிடம் கேட்டு முடிவெடுக்கப் போதுமான காலம். படத்தால் உங்கள் பாதுகாப்புக்கே ஆபத்து என்றால் 24 மணி நேரம் மட்டும் கொடுங்கள். அப்போது தளத்திலும் அதே வேளையில் புகார் செய்துவிடலாம்.

நீக்குதல் என்ற சொல்லை ஏன் இவ்வளவு விரித்து எழுத வேண்டும் என்று தோன்றலாம். முகநூலில் ஒரு பதிவைக் காப்பகத்துக்கு மாற்றினால் வெளியாருக்குத் தெரியாது. ஆனால் நிர்வாகி எப்போது வேண்டுமானாலும் அதை மீட்டு வெளியிடலாம். குப்பைத்தொட்டிக்குப் போன பதிவும் 30 நாள் வரை மீட்கக்கூடிய நிலையில்தான் இருக்கும். இன்ஸ்டாகிராமிலும் அண்மையில் நீக்கியவை என்ற பகுதியில் பதிவுகள் 30 நாள் தங்குகின்றன. கெட்ட எண்ணம் இல்லாமலேயே, புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் பழைய பதிவுகளை மீட்டெடுக்கும்போது உங்கள் படம் திரும்ப வந்துவிட வாய்ப்புண்டு.

அனுப்புதல்

பக்கத்தின் செய்திப் பெட்டிக்கு அனுப்புவதோடு நிறுத்திவிடாதீர்கள். அறிமுகமில்லாத கணக்கிலிருந்து வரும் செய்திகள் கோரிக்கைகள் அல்லது ஸ்பாம் என்ற தனிப் பகுதிக்குள் போய், நிர்வாகி கண்ணில் படாமலே கிடப்பது சாதாரணம். பக்கத்தின் அறிமுகப் பகுதியில் மின்னஞ்சல் முகவரி இருந்தால் அதே கடிதத்தை அங்கும் அனுப்புங்கள். செய்தி அனுப்பியவுடன் நன்றி சொல்லி வரும் பதில் பெரும்பாலும் தானியங்கிப் பதிலே. அதைக் கோரிக்கை ஏற்கப்பட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் உண்மைப் பெயரில் உள்ள கணக்கிலிருந்தே அனுப்புவது நல்லது; படத்தில் இருப்பவரே கேட்கிறார் என்ற நம்பிக்கையை அது தருகிறது. அனுப்பிய செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டை நாளும் நேரமும் தெரியும்படி எடுத்து, முதலில் சேர்த்த சான்றுகளோடு வைத்துக்கொள்ளுங்கள்.

வரக்கூடிய பதில்களும் அவற்றை எதிர்கொள்வதும்

நீங்கள்தான் அந்தப் படத்தில் இருப்பவர் என்பதற்குச் சான்று கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. வேறு யாரோ பொய்யாகக் கேட்டுப் படத்தை நீக்கச் செய்யவும் கூடும். ஆனால் அடையாள அட்டையின் நகலை அனுப்பிவிடாதீர்கள். உங்கள் முகம் தெரியும் கணக்கிலிருந்து எழுதுவது, அந்த இடத்தில் உங்களைத் தெரிந்த ஊழியரிடம் உறுதிசெய்துகொள்ளச் சொல்வது, சில நொடிகள் வீடியோ அழைப்பில் பேசுவது ஆகிய வழிகளில் ஒன்றைச் சொல்லுங்கள்.

அடுத்த பதில், நீங்கள்தானே சிரித்துக்கொண்டு நின்றீர்கள் என்பதாக இருக்கும். இதற்கு நீண்ட விவாதம் வேண்டாம். படம் எடுக்கச் சம்மதித்தது குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்காக, வெளியிட அல்ல என்று கடிதத்தில் எழுதிய வரியையே மறுபடி அனுப்பினால் போதும். சேரும்போது நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தில் அனுமதி இருக்கிறது என்று சொன்னால் மட்டும் நின்று கவனிக்க வேண்டும். அந்தப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அது எந்தப் படங்களைப் பற்றியது, எங்கே வெளியிடலாம் என்கிறது, சம்மதத்தைத் திரும்பப் பெற முடியுமா என்பனவற்றைப் பாருங்கள். உள் பதிவுகளுக்கு என்று எழுதியிருந்தால் விளம்பரத்துக்கு அது பொருந்தாது. தெளிவாக அனுமதி தரப்பட்டிருந்தாலும், இன்றிலிருந்து என் சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கேட்கலாம். சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையைச் சட்டமே தரும் நாடுகள் பல உண்டு. அந்த உரிமை இல்லாத இடத்திலும் விருப்பமில்லாதவரின் படத்தை வைத்துக்கொண்டு வாடிக்கையாளரை இழக்கப் பல நிறுவனங்கள் விரும்புவதில்லை.

முகத்தை மங்கலாக்கி வைத்துக்கொள்கிறோம் என்ற பதிலும் வரும். இது உங்கள் விருப்பத்தைப் பொறுத்தது. மறுத்தால் நீங்கள் முரண்டு பிடிப்பதாக ஆகாது. ஏற்றுக்கொள்வதானால் இரண்டைச் சரிபாருங்கள். முகம் மறைந்தாலும் பெயர், டேக், உடை, பக்கத்தில் நிற்பவர் ஆகியவற்றைக் கொண்டு தெரிந்தவர்கள் உங்களைக் கண்டுபிடிக்க முடியுமா என்பது ஒன்று. மங்கலாக்கிய படம் புதிய பதிவாக வரும்போது பழைய பதிவு உண்மையில் நீக்கப்பட்டதா என்பது மற்றொன்று. குழுப் படங்களில் இது நல்ல தீர்வாக அமையலாம், ஏனெனில் மற்றவர்கள் அந்தப் படம் இருப்பதை விரும்பக்கூடும். நம் எடுத்துக்காட்டில் வரும் படத்துக்கு இது பொருந்தாது. அதில் பெயரும் உடலுமே செய்தி.

நீக்கப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தச் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு உரையாடலை அங்கேயே நிறுத்துங்கள். அதன்பின் இது கடிதத்தில் தீரும் விஷயமல்ல. தொடக்கத்தில் சொன்ன விலக்குக்குள் வந்துவிட்டது.

உண்மையில் நீக்கப்பட்டதா என்று பார்ப்பது

பலர் ஏமாறும் இடம் இதுதான். சேமித்துவைத்த இணைப்பைத் திறந்ததும் இந்த உள்ளடக்கம் இப்போது கிடைக்கவில்லை என்ற அறிவிப்பு வந்தால் படம் போய்விட்டது என்று நிம்மதியடைகிறோம். பதிவு நீக்கப்பட்டாலும் அதே அறிவிப்புதான் வரும். பார்வையாளர்களைச் சுருக்கினாலும் அதுதான் வரும். நிர்வாகி உங்களை மட்டும் பிளாக் செய்திருந்தாலும் அதுதான் வரும். எனவே உங்கள் கணக்கிலிருந்து பார்த்ததை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள். அந்தப் பக்கத்தோடு தொடர்பில்லாத நண்பர் ஒருவரிடமும், அதைப் பின்தொடரும் ஒருவரிடமும் இணைப்புகளைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வோர் இணைப்பையும் தனித்தனியே சோதியுங்கள். பதிவு போயும் ஆல்பத்தில் படம் தங்கியிருக்கலாம்.

மூலப் பதிவு நீக்கப்பட்டால், அதை ஷேர் செய்தவர்களின் பக்கங்களிலும் படம் தெரியாது. ஆனால் யாராவது படத்தைத் தரவிறக்கித் தம் பக்கத்தில் புதிதாக ஏற்றியிருந்தால் அது தனிப் பிரதி. அவர்களுக்குத் தனியே எழுத வேண்டும். அதே கடிதத்தை முன்கதை வரிகளை மட்டும் மாற்றிப் பயன்படுத்தலாம்.

பதில் வராதபோது

கெடு முடிந்த மறுநாள் இரண்டாம் கடிதம் அனுப்புங்கள். அது சிறியதாக இருக்கட்டும்: “மார்ச் 6 அன்று அனுப்பிய கோரிக்கைக்கு இதுவரை பதில் வரவில்லை, படமும் நீக்கப்படவில்லை. முதற்கடிதத்தைக் கீழே இணைத்துள்ளேன். மார்ச் 11 மாலை 6 மணிக்குள் நீக்கப்படாவிடில் தளத்திடம் அந்தரங்க மீறல் புகார் அளிப்பதோடு, எனக்குள்ள பிற வழிகளையும் நாடுவேன்.” செய்யப்போவதை மட்டும் எழுதுங்கள், எழுதியதைச் செய்யுங்கள்.

தளத்தில் புகார் செய்யும்போது அந்தரங்கம் தொடர்பான வகையையே தேர்ந்தெடுங்கள். ஸ்பாம் என்றோ வெறுப்புப் பேச்சு என்றோ கொடுத்தால், அந்த விதியின் கீழ் குற்றமில்லை என்று புகார் தள்ளப்பட்டுவிடும். காப்புரிமைப் புகார் என்ற மற்றொரு வழியைச் சிலர் பரிந்துரைப்பார்கள். படத்தை எடுத்தவர் நீங்களே என்றால், உதாரணமாக அது உங்கள் செல்ஃபி என்றால், அது வலுவான வழி. பிறர் எடுத்த படமானால் காப்புரிமை பொதுவாக எடுத்தவருக்கே சேரும், படத்தில் இருப்பவருக்கு அல்ல; பொய்யாக உரிமை கோருவது உங்களுக்கே ஆபத்தாகும். மேலும் முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் காப்புரிமைப் புகார் கொடுத்தவரின் பெயரும் மின்னஞ்சலும் பதிவிட்டவருக்குத் தெரிவிக்கப்படலாம். யாரிடமிருந்து உங்களைக் காத்துக்கொள்ள வேண்டுமோ அவரே பதிவிட்டவராக இருந்தால், புதிதாகத் தொடங்கிய தனி மின்னஞ்சலைக் கொடுங்கள்.

படம் பொது இணையத்திலும் இருந்து, தேடுபொறியில் வந்துகொண்டிருந்தால், மூலத்தில் நீக்கப்பட்ட பிறகும் சில காலம் அதன் சிறு உருவம் தேடல் முடிவுகளில் தங்கியிருக்கும். கூகுளில் இதற்கென்று Refresh Outdated Content என்ற பெயரில் ஒரு கருவி உள்ளது. நீக்கப்பட்ட பக்கத்தின் அல்லது படத்தின் இணைப்பை அதில் கொடுத்தால், பழைய முடிவைப் புதுப்பிக்கச் சொல்லிக் கேட்கலாம். மூலத்தில் படம் இன்னும் இருக்கும்போது இது பயன்படாது, ஆகவே இதைக் கடைசியாகவே செய்யுங்கள்.

படம் நீங்கிய பின் நிர்வாகிக்கு ஒரு வரியில் நன்றி எழுதி, நீக்கியதை நீங்கள் பார்த்துவிட்ட நாளையும் அதில் குறிப்பிடுங்கள். மீண்டும் எப்போதாவது அது வெளியானால், ஒருமுறை ஒப்புக்கொண்டு நீக்கப்பட்டது என்பதற்கு அந்த வரியே சான்றாகும். 30 நாள் கழித்து எல்லா இணைப்புகளையும் இன்னொரு முறை திறந்து பார்த்துவிட்டு, சான்றுகள் உள்ள கோப்புறையைப் பிறர் கைபடாத இடத்தில் பூட்டிவையுங்கள்.